வரி போக எது மிச்சம்: பிபிஎஃப், என்எஸ்சி, இஎல்எஸ்எஸ்?

கேள்வி: பழைய வரி முறையில் 30% வரம்பில் இருக்கிறேன். 2021 முதல் ஒவ்வொரு ஏப்ரலிலும் இஎல்எஸ்எஸ் ஃபண்டில் முறையே 40, 50, 30, 60, 40 ஆயிரம் போட்டேன். இப்போது அதன் மதிப்பு 3 லட்சம். பிபிஎஃப்-பில் வருடம் 30,000 போகிறது. 2021 ஏப்ரலில் 50,000-க்கு என்எஸ்சி வாங்கினேன், அது இப்போது முதிர்ந்துவிட்டது. ஒன்று 3 வருடம், ஒன்று 5, ஒன்று 15. வரி போக எது அதிகம் கொடுத்தது என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பதில்: இந்த மூன்றிலும் போடும் தொகையை வருமானத்திலிருந்து கழிக்க அனுமதிக்கும் வரிப் பிரிவு 80சி. முதலில் அதில் மிச்சமான வரியை ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பெரும்பாலானவர்களின் கணக்கு தவறிப்போவது இங்கேதான். உங்கள் வரம்பில் செஸ் சேர்த்து வரி 31.2%. அதனால் 100 ரூபாய் போட்டால் கையிலிருந்து போனது 68.80 மட்டுமே என்று வைத்துப் பலர் வருமானம் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால், மூன்று வருடத்தில் ஒரு பைசாகூட வளராத இஎல்எஸ்எஸ் ஆண்டுக்கு 13.3% கொடுத்ததாகத் தெரியும். 15 வருடம் 7.1% கொடுக்கும் பிபிஎஃப்-போ 9.8%-தான் காட்டும். ஒரே 31.20 ரூபாயை ஒரு பக்கம் மூன்று வருடத்துக்கும் இன்னொரு பக்கம் பதினைந்து வருடத்துக்கும் பங்கு போடுவதால் வரும் மாயம் இது. லாக்-இன் குறைவாக இருக்கும் திட்டம் இருப்பதைவிட நல்லதாகத் தெரியும். 1.5 லட்சம் வரம்புக்குள் எதில் போட்டாலும் வரிச் சலுகை ஒன்றுதான். எனவே முழுத் தொகையையும் முதலீடாகவே எழுதுங்கள்.

அடுத்தது, வருடா வருடம் தொகை மாறியிருக்கிறது. மொத்த லாபத்தை மொத்த முதலீட்டால் வகுத்து, பிறகு ஐந்தால் வகுத்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை, ஏனென்றால் கடைசி 40,000 ஒரு வருடம்தான் உழைத்திருக்கிறது. எக்செல்லில் A பத்தியில் தேதி, B பத்தியில் தொகை எழுதுங்கள். போட்டதற்கு மைனஸ், வந்ததற்கு ப்ளஸ். கணக்கு எளிதாக இருக்க, எல்லாத் தவணைகளையும் ஏப்ரல் 10 என்றே வைக்கிறேன். உங்கள் ஸ்டேட்மென்ட்டில் உள்ள தேதியை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

```
10-04-2021   -40000
10-04-2022   -50000
10-04-2023   -30000
10-04-2024   -60000
10-04-2025   -40000
10-04-2026   300000
=XIRR(B1:B6,A1:A6)
```

விடை சுமார் 10.7%, ஒவ்வொரு தொகையும் எவ்வளவு காலம் உழைத்தது என்பதைக் கணக்கில் எடுத்த ஆண்டு வருமானம் இது. `#NUM!` என்று வந்தால் பெரும்பாலும் மைனஸ் குறி விட்டுப்போயிருக்கும். `#VALUE!` என்றால் தேதி எழுத்தாகப் பதிவாகியிருக்கிறது.

இது வரிக்கு முந்தைய எண். உங்கள் லாபம் 80,000. பங்குகள், பங்குச் சந்தை ஃபண்டுகள் எல்லாவற்றின் நீண்டகால லாபமும் சேர்ந்து ஒரு நிதியாண்டில் 1.25 லட்சத்தைத் தாண்டாவிட்டால் வரி கிடையாது. தாண்டிய பகுதிக்கு 12.5%, செஸ்ஸோடு 13%. வேறு பங்கு விற்று அந்த 1.25 லட்சத்தை ஏற்கெனவே தீர்த்திருந்தால் இந்த 80,000-க்கும் 10,400 வரி வரும். கடைசி வரியில் 300000-க்குப் பதில் 289600 போடுங்கள், விடை 9.5% ஆகிவிடும். ஆக இஎல்எஸ்எஸ்-ஸுக்கு வரி எவ்வளவு என்பதை அந்த ஃபண்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, அதே ஆண்டில் வேறென்ன விற்றீர்கள் என்பதும் வேண்டும்.

பிபிஎஃப்-பில் வட்டிக்கு வரி இல்லை, 2020 ஏப்ரலிலிருந்து வட்டி 7.1%. ஆனால் மாதத்தின் 5-ம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. ஏப்ரல் 10-ல் போட்ட 30,000-க்கு ஏப்ரல் மாத வட்டி 177 ரூபாய் போய்விடும். உங்கள் பிபிஎஃப் கணக்கு 7.1-க்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய 7%-ல் நிற்பதற்கு இதுதான் காரணம். அடுத்த ஏப்ரலில் 5-ம் தேதிக்குள் போட்டால் சரியாகிவிடும்.

என்எஸ்சி-தான் சிக்கலானது. நீங்கள் வாங்கியபோது வட்டி 6.8%, 50,000 இப்போது 69,475 ஆகியிருக்கும். டிடிஎஸ் பிடிப்பதில்லை என்பதால் வரியே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் வட்டி முழுவதும் வரிக்கு உட்பட்டது. ஆனால் முதல் நான்கு ஆண்டு வட்டி கைக்கு வராமல் திரும்ப முதலீடாவதால், அதையும் அந்தந்த ஆண்டின் 80சி-யில் கழித்துக்கொள்ளலாம். முதல் ஆண்டு வட்டி 3,400. அதை வருமானத்திலும் காட்டி, 80சி-யிலும் காட்டினால் வரி சுழி. ஐந்தாம் ஆண்டு வட்டியான 4,424-க்கு மட்டும் 1,380 வரி. இந்த வழியில் சென்றிருந்தால் கிடைத்தது 6.4%.

இதற்கு 1.5 லட்சத்தில் இடம் இருக்க வேண்டும். நீங்கள் எழுதியுள்ள மூன்றை மட்டும் கூட்டினால் எந்த ஆண்டும் 1.2 லட்சத்தைத் தாண்டவில்லை. ஆனால் சம்பளத்தில் பிடிக்கும் பிஎஃப்-பும் இதே வரம்புக்குள்தான் வரும், அதையும் கூட்டிப் பாருங்கள். இடம் இல்லாவிட்டாலோ, நடுவில் ஏதாவது ஓர் ஆண்டு புதிய வரி முறைக்குப் போயிருந்தாலோ அந்த ஆண்டு வட்டிக்கு முழு வரி. அந்த வரியை அந்தந்த ஆண்டின் தேதியில் மைனஸ் தொகையாக எழுத வேண்டும். ஐந்து ஆண்டும் அப்படியென்றால் வருமானம் 4.7%-க்கு இறங்கிவிடும். ஆண்டுதோறும் காட்டாமல் விட்டு, முதிர்ந்த ஆண்டில் 19,475-ஐயும் மொத்தமாகக் காட்டினால் வரி 6,076, வருமானம் 4.9%. சான்றிதழ் ஒன்றுதான், வட்டி ஒன்றுதான். ரிட்டர்னில் ஒரு வரி எழுதினோமா இல்லையா என்பதில் ஒன்றரை சதவீதம் போகிறது. பழைய ரிட்டர்ன்களை எடுத்து 80சி பட்டியலில் என்எஸ்சி வட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆக இன்றைய நிலையில் இஎல்எஸ்எஸ் 9.5 முதல் 10.7, பிபிஎஃப் 7, என்எஸ்சி 4.7 முதல் 6.4. ஆனால் இவை மூன்றும் ஒரே தன்மையுள்ள எண்கள் அல்ல. என்எஸ்சி முடிந்த கணக்கு. பிபிஎஃப்-பின் ஏழு, இதுவரை வரவு வைக்கப்பட்ட வட்டி. அது இனிக் குறையாது, ஆனால் இன்று எடுக்கவும் முடியாது. 2021-22-ல் தொடங்கிய கணக்கென்றால் 2027-28-லிருந்து ஒரு பகுதி எடுக்கலாம், முதிர்வது 2037 ஏப்ரலில். இஎல்எஸ்எஸ்-ஸில் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனி மூன்று வருடம், எனவே 2024, 2025-ல் போட்ட ஒரு லட்சம் 2027, 2028 ஏப்ரல் வரை பூட்டில்தான் இருக்கும். அதுவரை சந்தை என்ன செய்யுமோ, அதையும் அந்த 10.7 சுமக்கிறது. மேலே உள்ள அட்டவணையில் 300000-ஐ 240000 ஆக மாற்றிப் பாருங்கள். மதிப்பு 20% இறங்கினால் வருமானம் 3%, பிபிஎஃப்-பில் பாதிகூட இல்லை. 2028-க்குள் குறிப்பிட்ட செலவு ஒன்றுக்கு இந்தப் பணம் வேண்டுமென்றால், ஒப்பீட்டில் அந்த 3-ஐயும் 10.7-க்குப் பக்கத்திலேயே எழுதி வைத்து முடிவெடுங்கள்.