சுவர் தாங்கும், இடைத்துண்டு தாங்குமா?

கேள்வி: பாளையங்கோட்டை பக்கம் தூண் போடாமல், 9 அங்குலச் செங்கல் சுவர் மேலேயே தரைதளமும் அதற்கு மேல் இரண்டு மாடியும் கட்டுகிறோம். மாடி உயரம் 3 மீட்டர், தளத்தின் அகலம் 3.6 மீட்டர். 6 மீட்டர் முன்சுவரில் நடுவே 1 மீட்டர் கதவு, இருபுறமும் 1.2 மீட்டர் ஜன்னல்கள். கதவுக்கும் ஜன்னலுக்கும் இடையே மூன்று கல் அகலம்தான், அதாவது 690 மி.மீ. கொத்தனார் தாராளமாகத் தாங்கும் என்கிறார். சரியா?

பதில்: முழுச் சுவரைப் பற்றிக் கொத்தனார் சொன்னது பெரும்பாலும் சரிதான். சிக்கல் அந்த 690 மி.மீ. துண்டில் இருக்கிறது.

முதலில் மெலிவு விகிதம், அதாவது சுவரின் உயரத்தை அதன் கனத்தால் வகுத்தால் வருவது. மேலும் கீழும் கான்கிரீட் தளம் பிடித்துக்கொள்வதால், செங்கல் கட்டுமானத்துக்கான IS 1905 விதிப்படி உயரத்தில் முக்கால் பங்கை எடுத்தால் போதும். 2.25 மீட்டரை 0.23-ஆல் வகுத்தால் 9.8. சிமெண்ட் கலவைக்கு 27 வரை அனுமதி உண்டு, அதனால் இங்கே கவலையில்லை. மேல்தளம் போடும் வரை மட்டும் அதே சுவர் தலையில் பிடிப்பில்லாமல் நிற்கும், விகிதமும் 19.6 ஆகிவிடும். ஆனி, ஆடிக் காற்றில் கடைசி மாடிச் சுவரை முட்டுக் கொடுக்காமல் விடாதீர்கள்.

ஆனால் இரண்டு திறப்புகளுக்கு நடுவே நிற்கும் துண்டின் அகலம், சுவர்க் கனத்தைப் போல் நான்கு மடங்குக்குள் (920 மி.மீ.) இருந்தால் விதி அதைச் சுவராகவே பார்ப்பதில்லை, தூணாகத்தான் பார்க்கிறது. தூணுக்கு மெலிவு வரம்பு 12. பக்கத்துத் திறப்பின் உயரமும் கணக்கில் சேரும்: 0.75 × 3 மீட்டரோடு, கதவு உயரம் 2.1 மீட்டரில் கால் பங்கைக் கூட்டினால் 2.775 மீட்டர். 0.23-ஆல் வகுத்தால் 12.07. மயிரிழையில் தவறுகிறது.

அதைவிடப் பெரிய குறை சுமையில். கதவின் பாதி, ஜன்னலின் பாதி, தன் அகலம் என்று சுமார் 1.8 மீட்டர் நீளத்துக்கான மூன்று தளங்களின் பாரம் இந்தத் துண்டில் இறங்குகிறது. மேல்மாடிகளிலும் திறப்புகள் நேர்மேலே வருவதாக வைத்து, சுவர் எடையையும் சேர்த்தால் ஏறத்தாழ 124 கிலோ நியூட்டன், அதாவது பன்னிரண்டரை டன். அழுத்தம் ச.மி.மீ.க்கு 0.78 நியூட்டன். திறப்பில்லாத சுவரில் இது 0.37 மட்டுமே. 7.5 நியூட்டன் பலமுள்ள செங்கலும் 1:5 கலவையும் போட்டாலும், மெலிவுக்கும் சிறிய பரப்புக்கும் கழித்தபின் 0.58 வரைதான் அனுமதி. 10 நியூட்டன் கல் தேடிப்பிடித்தாலும் 0.76-ஐத் தாண்டாது. ஆக, நல்ல கல் வாங்குவதால் மட்டும் இது தீராது.

அப்புறம் மையவிலகல், அதாவது பாரம் சுவரின் நடுவிலிருந்து விலகி இறங்குவது. தளத்தின் அகலம் சுவர்க் கனத்தில் 30 மடங்குக்குள் (6.9 மீட்டர்) இருப்பதால், தளம் சுவர் முழுக் கனத்திலும் உட்கார்ந்தால் பாரம் நடுவில் இறங்குவதாகக் கொள்ளலாம். நம் பக்கம் வெளிமுகம் அழகாக இருக்கட்டும் என்று அரைக் கல்லை வெளியே வைத்து மறைத்து, உள்பக்க 115 மி.மீ. மேல் மட்டும் தளத்தை உட்கார வைக்கிறார்கள். அப்போது அந்தத் தளத்தின் பாரம் நடுவிலிருந்து 57 மி.மீ. உள்ளே நகர்கிறது. கீழ்மாடியில் மேலிருந்து நேராக வரும் பாரம் அதிகம் என்பதால் மொத்த விலகல் 12 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். கடைசி மாடியில் மேலே கைப்பிடிச் சுவரைத் தவிர எதுவுமில்லை, விலகல் அப்படியே நிற்கும். கனத்தில் ஆறில் ஒரு பங்கை, அதாவது 38 மி.மீ.-ஐத் தாண்டினால் வெளிமுகத்தில் இழுவிசை வரும். தளத்துக்குச் சற்றுக் கீழே வெளியில் கிடைமட்டமாக ஓடும் வெடிப்புக்கு இது ஒரு காரணம். தளத்தை முழுக் கனத்துக்கும் உட்கார வையுங்கள்.

தீர்வு: ஒரு ஜன்னலை எடுத்துவிடுங்கள். மூன்று மாடிக்கு, குறைந்த நில அதிர்வுப் பகுதியான நம் ஊரில்கூட, திறப்புகளின் மொத்த அகலம் சுவர் நீளத்தில் 0.42 பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது IS 4326. உங்கள் வரைபடத்தில் 3.4 மீட்டர், அதாவது 0.57. ஒரு ஜன்னல் போனால் 0.37. கிடைத்த இடத்தில் கதவைத் தள்ளி, இடைத்துண்டை ஐந்து கல் அகலம், 1150 மி.மீ. ஆக்குங்கள். அது இப்போது சுவர் கணக்கில் வந்துவிடும். அழுத்தம் 0.61, அதே 7.5 நியூட்டன் கல்லுக்கும் 1:5 கலவைக்கும் அனுமதி 0.66. இடைவெளி குறைவுதான், அதனால் சூளைக்காரர் சொல்லை நம்பாமல், வந்திறங்கிய லோடிலிருந்து கற்களை எடுத்துப் பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் நசுக்கிப் பாருங்கள். சராசரி 5 நியூட்டன்தான் வந்தால் இந்த அகலமும் போதாது, தரைதளச் சுவரை ஒன்றரைக் கல்லாக்க வேண்டும்.

எலக்ட்ரீஷியனிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கதவோரம் என்பதால் சுவிட்ச் பெட்டிக்கு அவர் கை தானாக இந்தத் துண்டுக்குத்தான் போகும். இதில் குறுக்குவெட்டாகக் காடி எடுக்கவே கூடாது. பெட்டியைக் கதவின் மறுபக்கச் சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள்.