கூரை ஜன்னலா, ஒளிக்குழாயா?

"எங்கள் வீட்டின் நடுவே உள்ள நடைவழிக்கு ஜன்னலே கிடையாது, பகலிலும் விளக்கு எரிகிறது. சரிவான ஓட்டுக் கூரையில் ஜன்னல் வைக்கலாமா, பகல் வெளிச்சத்தைக் கூரையிலிருந்து உள்ளே இறக்கும் ஒளிக்குழாய் போதுமா? மழையில் ஒழுகுமா? வீடு சூடாகிவிடுமா?"

நடைவழிக்கு ஒளிக்குழாயே போதும். வானம் தெரிய வேண்டும், திறந்தால் காற்று வர வேண்டும் என்றால் மட்டும் ஜன்னல் பக்கம் போங்கள். கூரை வேலையே என் தொழில். இப்படிச் சொல்வதற்கு முதல் காரணம் வெப்பம்.

உச்சி வெயில் நேராக விழும்போது ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1000 வாட் இறங்குகிறது. 60 செ.மீ. அகலமும் 90 செ.மீ. நீளமும் உள்ள ஜன்னலின் பரப்பு 0.54 சதுர மீட்டர். அதாவது அதன் மேல் விழுவது 540 வாட். சாதாரண இரட்டைக் கண்ணாடி அதில் பத்தில் ஏழு பங்கை உள்ளே விட்டால் சுமார் 380 வாட் வருகிறது. வெப்பத்தைத் திருப்பும் பூச்சுள்ள கண்ணாடி கால் பங்கை மட்டுமே விடும். அப்போது 135 வாட். 25 செ.மீ. விட்டமுள்ள ஒளிக்குழாயின் வாயோ 0.05 சதுர மீட்டர்தான். விழுவது முழுவதும் இறங்கினாலும் 50 வாட்டைத் தாண்டாது.

சுவர் ஜன்னலுக்குக் கோடையில் வெயில் சாய்வாகப் படுகிறது. கூரை ஜன்னலுக்கோ சூரியன் உச்சியில் நிற்கும் அந்தக் கோடையில்தான் முழு வெயிலும் கிடைக்கிறது. உள்பக்கம் திரை போட்டால் கூச்சம் குறையும், ஆனால் வெப்பம் அதற்குள் கண்ணாடியைக் கடந்துவிட்டிருக்கும். நிழல்துணி கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும்.

குளிர் நாடுகளில் கணக்குத் திரும்பிவிடும். உள்ளும் வெளியும் 20 டிகிரி வித்தியாசம் இருக்கும் இரவில் அதே இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வழியாக 30 வாட் போல வெளியேறும். நன்றாக வெப்பக் காப்பிட்ட கூரையில் அந்த அளவு இடத்தில் 3 வாட்கூடப் போகாது. அங்கே பகல் வெயில் இந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடு செய்யும் என்பதால், வெயில் விழும் சரிவில், வெப்பத்தை ஓரளவு உள்ளே விடும் கண்ணாடி பொருத்தம். வெப்ப நாடுகளில் வெயில் குறைவாகப் படும் சரிவைத் தேடுங்கள்.

இனி ஒழுகல். ஒழுகும் கூரை ஜன்னல்களில் பெரும்பாலும் கண்ணாடியில் குற்றம் இருக்காது. சட்டத்துக்கும் ஓட்டுக்கும் இடையே நீர் புகாமல் சுற்றிலும் மூடும் ஃபிளாஷிங் தகடுகளில்தான் இருக்கும். விதி ஒன்றுதான்: மேலே உள்ளது கீழே உள்ளதன் மேல் ஏறி அமர வேண்டும். ஆகவே வேலை கீழிருந்து தொடங்கும். அடிப்பக்கத் தகடு ஓடுகளுக்கு மேலே படிந்து, ஓட்டின் வளைவுகளோடு அழுத்தி விடப்படும். பக்கங்களில், வளைந்த ஓடு என்றால் விளிம்பு மடித்த நீளமான வாய்க்கால் தகடு. வெட்டிய ஓடுகளின் ஓரம் அதன் மேல் வரும். தட்டை ஓடு என்றால் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு படித்தகடு. உச்சித் தகடு கடைசியாக வரும். அதன் மேல்விளிம்பு மேல்வரிசை ஓடுகளுக்கு அடியில் நுழைய வேண்டும்.

பலர் தவறுவது இந்த உச்சியில்தான். ஓடுகளைக் கழற்றச் சோம்பி, தகட்டை ஓடுகளின் மேலேயே வைத்து சீலண்ட் பூசிவிடுகிறார்கள். சில வருட வெயிலில் சீலண்ட் விறைத்து வெடிக்கும், அந்தக் கீற்றில் நீர் இறங்கும். உச்சி ஓடுகளைச் சட்டத்தோடு ஒட்டி வைக்காமல் நாலைந்து விரல் இடைவெளியும் விடுங்கள். இல்லாவிட்டால் சருகு அடைத்து நீர் பின்னால் ஏறும். ஓட்டுக்கு அடியிலுள்ள நீர்த்தடுப்புத் தாளை வெட்டியெறியாமல் சட்டத்தின் பக்கங்களில் மடித்து ஏற்றுங்கள்.

ஒளிக்குழாய்க்கு அடித்தகடு ஒன்றே, வெட்டும் துளையும் சிறியது. அதன் மேல்பாதி ஓட்டுக்கு அடியில், கீழ்விளிம்பு ஓட்டுக்கு மேலே. குழாயை வாங்கும்போது உள்பூச்சைப் பாருங்கள். ஒளி பத்து முறை மோதி இறங்கினால், 98 சதவீதம் பிரதிபலிக்கும் குழாயில் 82 சதவீதம் மிஞ்சும். 92 சதவீதக் குழாயில் 43தான். நெளியும் குழாயில் மோதல்கள் கூடும் என்பதால், நேரான விறைப்புக் குழாயைக் குறைந்த வளைவுகளோடு இறக்குங்கள்.

கூரைக்குள் போகும் குழாயின் இணைப்புகளை அலுமினிய டேப்பால் முழுக்க அடையுங்கள். கூரைக்கு அடியிலுள்ள வெளி குளிரும் இடமானால் குழாய்க்குக் காப்பும் சுற்றுங்கள். இல்லையேல் அறையின் ஈரக்காற்று மேலேறி, குழாயின் மேல்வாயை மூடும் குவிமாடத்தின் உள்பக்கம் நீராகி, கீழே ஒளியைப் பரப்பும் தட்டில் சொட்டும். மழையே இல்லாத குளிர்ந்த காலையில் சொட்டினால் அது ஒழுகல் இல்லை, இந்த ஈரம்தான். மழையில் மட்டும் சொட்டினால், தோட்டக் குழாயால் கூரையில் நீரை முதலில் அடிப்பக்கத்தில் விட்டுச் சிறிது நேரம் காத்திருங்கள். பிறகு பக்கங்கள், கடைசியாக உச்சி. எந்தக் கட்டத்தில் உள்ளே நனைகிறதோ, அந்தத் தகட்டைத்தான் கழற்றிப் பார்க்க வேண்டும்.