அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த நாள் ஒரு நாள் பிந்தி வருகிறது

“திருகோணமலைக் கிளையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஒரு பெண்ணின் கணக்குத் திறப்புப் படிவத்திலும் அட்டையிலும் 14.03.1987 என்றுதான் உள்ளது. இலக்கம் 87574 என்று தொடங்குகிறது. 500ஐக் கழித்து எண்ணினால் மார்ச் 15 வருகிறது. படிவத்தைத் திருப்பி அனுப்பலாமா? முகவரியும் வேறு: அட்டையில் மூதூர், படிவத்தில் உப்புவெளி.”

திருப்பி அனுப்ப வேண்டாம். பிறந்த தேதி சரியாகவே பொருந்துகிறது.

நீங்கள் பெப்ரவரிக்கு 28 நாள் எண்ணியிருப்பீர்கள். நமது தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள்தான். பெண்களுக்கு 500 கூட்டப்படுவதால், 574இல் அதைக் கழித்தால் 74. அதில் ஜனவரிக்கு 31, பெப்ரவரிக்கு 29 போக மீதி 14. கணினியில் நாள் கணக்கிடும் சூத்திரம் போட்டாலும் இதே தடுமாற்றம் வரும், ஏனெனில் அது 1987ஐச் சாதாரண ஆண்டாகவே எடுத்துக்கொள்ளும். 12 இலக்க அட்டையிலும் முறை இதுதான். ஆண்டு மட்டும் நான்கு இலக்கமாக இருக்கும்.

உறுதிசெய்ய, மார்ச்சுக்குப் பின் பிறந்த வேறொருவரின் அட்டையிலும் இப்படியே எண்ணிப் பாருங்கள்.

ஆனால் ஜனவரி, பெப்ரவரியில் பிறந்தவருக்கு ஒரு நாள் வேறுபட்டால் இந்த விளக்கம் பொருந்தாது. அப்போது பிறப்புச் சான்றிதழைக் கேளுங்கள். வாடிக்கையாளர் சொல்வதை வைத்துப் படிவத்தில் நீங்களே திருத்தாதீர்கள்.

முகவரி வேறாக இருப்பது பிழையல்ல. மூதூரை நிரந்தர முகவரியாகவும் உப்புவெளியைத் தற்போதைய முகவரியாகவும் தனித்தனியே எழுதச் சொல்லி, உப்புவெளிக்கு அண்மைய மின்கட்டணப் பட்டியல் போன்ற ஆதாரம் வாங்குங்கள். பட்டியல் வீட்டு உரிமையாளர் பெயரில் இருந்தால், எந்த ஆதாரத்தை ஏற்கலாம் என்று மேலாளரிடம் கேட்டுவிடுங்கள்.