முதல் சம்பளத்தில் காரா? லீசிங் கணக்கு பற்றிய கேள்வி பதில்

கேள்வி (வந்தாறுமூலை, இறுதியாண்டு): கல்முனையில வேலை சரிவரும் போல, சம்பளம் 75,000. மட்டக்களப்பில இருந்து போய்வர 30 இலட்சத்துக்கு ஒரு பழைய சின்னக் கார் பார்த்து வச்சிருக்கன். பாதி அப்பா தருவார், மிச்சம் அஞ்சு வருச லீசிங். வட்டி 9 வீதம்தானாம். எடுக்கலாமா சேர்?

பதில்: தம்பி, அந்த 9 வீதம் எதன் மேல் என்று கேட்டீர்களா? 15 இலட்சம் முழுவதற்கும் ஐந்து வருடமும் 9 வீதம் போட்டால் வட்டி 6,75,000. அதை முதலோடு கூட்டி 60ஆல் பிரித்தால் மாதம் 36,250. நீங்கள் மாதாமாதம் முதலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். ஐந்தாம் வருடத்தில் சின்னத் தொகைதான் மிச்சம் இருக்கும், ஆனாலும் வட்டி முழு 15 இலட்சத்துக்கும் ஓடுகிறது. வங்கிக் கடன் போல, குறைந்து செல்லும் மீதிக்குப் பார்த்தால் இது கிட்டத்தட்ட 16 வீதம். கையெழுத்து வைக்கும் முன் தவணை அட்டவணையைக் கேளுங்கள். ஒவ்வொரு தவணையிலும் வட்டி எவ்வளவு, முதல் எவ்வளவு என்று அதில் இருக்கும். தர இழுத்தடித்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

இனி மாதக் கணக்கு. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் போனால் கையில் 69,000. தவணை போக 32,750. போக வர 80 கிலோமீற்றர், மாதம் 22 நாள் என்றால் 1,760 கிலோமீற்றர். லீற்றருக்கு 18 ஓடினாலும் 98 லீற்றர் வேண்டும். லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தால் பெற்றோலுக்கே 29,400. மிஞ்சுவது 3,350. காப்புறுதி, வாகன வருமான வரிப்பத்திரம், புகைப் பரிசோதனை, டயர் எதையும் நான் இன்னும் தொடவில்லை. சாப்பாட்டையும்தான்.

கேள்வி (அக்கரைப்பற்று): காத்திருந்தா விலை ஏறும் சேர். எங்கட மாமா 2019இல வாங்கின காரை மூணு வருசம் ஓடிப்போட்டு இலாபத்துக்கு வித்தவர்.

பதில்: மாமாவுக்கு நடந்தது உண்மைதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். புதிதாக வராததால் பழையது ஏறியது. இன்னொரு தடை வரும் என்று நம்பினால்தான் அந்தக் கணக்கு உங்களுக்கும் பொருந்தும். டொலரும் வரியும் எந்தப் பக்கம் போகும் என்று நான் சொல்லப் போவதில்லை.

ஆனால் எவ்வளவு ஏறினால் நட்டம் என்று சொல்லலாம். மேலே கேட்ட தம்பி பஸ்ஸில் போய்வந்து மாதம் 25,000 வீதம் இரண்டு வருடம் சேர்த்தால் 6 இலட்சம். பிறகு 9 இலட்சம் மட்டும், அதே 16 வீதத்தில் நான்கு வருடத்துக்கு எடுத்தால் தவணை ஏறக்குறைய 25,500, மொத்த வட்டி 3,24,000. வட்டியில் மிச்சம் மூன்றரை இலட்சம். விலை ஏறினால் ஏறிய தொகையையும் கடனாக எடுக்க வேண்டும், அதற்கும் வட்டி வரும். ஆகவே 30 இலட்சக் கார் இரண்டு வருடத்தில் ஏறக்குறைய முப்பத்து இரண்டரையைத் தாண்டினால்தான் காத்திருந்தது தவறு. அப்பாவின் காசு நிலையான வைப்பில் கிடந்தால் அந்த எல்லை இன்னும் மேலே போகும்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): ஒரு வருசம் கட்டிப் பார்த்திட்டு ஏலாட்டி திருப்பிக் குடுக்கலாம்தானே?

பதில்: கடையில் வாங்கிய சட்டை இல்லை இது. முதலில் சொன்ன 15 இலட்ச லீசிங் என்றால் 12 தவணையில் 4,35,000 கட்டியிருப்பீர்கள். அதில் பாதிக்கு மேல் வட்டி. முதல் குறைந்தது இரண்டு இலட்சத்துச் சொச்சம்தான். 12,87,000 அளவில் இன்னும் பாக்கி. வாகனப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர் இருப்பதால், அதைத் தீர்க்காமல் வேறு ஆளுக்கு மாற்ற முடியாது. முன்கூட்டித் தீர்த்தால் அதற்கும் கட்டணம் கேட்கக்கூடும். கட்டாமல் விட்டு அவர்கள் காரைச் சீஸ் பண்ணி விற்றால், குறைகிற காசை உங்களிடமும் பிணை நின்றவரிடமும் கேட்பார்கள். வேலை நிரந்தரமாகும் முன், அல்லது இடமாற்றம் வரக்கூடிய நிலையில், பிணைக்கு ஆளைத் தேடுவதே சரியில்லை என்பது என் எண்ணம்.

கேள்வி (சம்மாந்துறை): எனக்கு வேலைக்குப் போக இல்ல. உம்மாவ கிழமைக்கு ரெண்டு தரம் டயலிசிஸுக்குக் கூட்டிப் போகணும். நானும் பொறுக்கணுமா?

பதில்: தங்கச்சி, உங்கள் கணக்கு வேறு. மாதம் எட்டு ஒன்பது பயணம் வரும். ஆஸ்பத்திரிக்கு ஹயர் வாகனம் ஒருமுறை எவ்வளவு கேட்கிறது என்று பார்த்துப் பெருக்குங்கள். அது தவணையின் பாதியைக்கூட எட்டாவிட்டால், தெரிந்த சாரதி ஒருவரோடு மாத ஒப்பந்தம் பேசுவது மலிவு. இராத்திரியில் வாகனம் தேடி அலைய நேருமென்றால் காசுக் கணக்கு மட்டும் போதாது. அதை வீட்டார்தான் தீர்மானிக்க வேண்டும்.

வாங்குவதென்றால் வெள்ளத்தில் நின்ற காரா என்று பாருங்கள். மாரியில் நம் பக்கம் அது சாதாரணம். சீற் பெல்ட்டை முழுதாக இழுத்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். கம்பளத்தைத் தூக்கினால் சீற் தண்டவாளத்தில் துரு இருக்கும். காப்புறுதியில் வெள்ளச் சேதம் சேர்ந்திருக்கிறதா என்றும் எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் அதற்குத் தனிக்காசு.