சிப் அட்டையின் கள்ளப் பிரதி ஏன் வேலை செய்யாது

கேள்வி: "பழைய ஏ.டி.எம். காட்டை மாற்றி சிப் வைத்த காட் தந்திருக்கிறார்கள். பின்பக்கம் கறுப்புப் பட்டியும் அப்படியே இருக்கு. சிப்பில் இருக்கிறதும் தகவல்தானே? பட்டியைக் கொப்பி பண்ணலாம் என்றால் சிப்பை ஏன் பண்ண ஏலாது?"

பதில்:

சிப்பில் இருப்பதில் பெரும்பகுதியைக் கொப்பி பண்ணலாம். ஒரேயொரு சாமானை மட்டும் எடுக்க முடியாது. அது இல்லாமல் மிச்சமெல்லாம் கையில் இருந்தும் கள்ளருக்குப் பலன் இல்லை. நான் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கக் கடைகளுக்கு காட் மெஷின் பூட்டிக் கொடுத்து, பழுதும் பார்க்கிறவன். புதுக்குடியிருப்பு, மாங்குளம் கடைகளிலும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பட்டி. பழைய பாட்டு கசெட்டின் நாடாவில் இருப்பது போன்ற காந்தப் பூச்சுத்தான் அது. அதில் பல தடங்கள் உண்டு. பணக் கொடுப்பனவுக்கு முக்கியமாகப் பயன்படுவது இரண்டாம் தடம். அதில் மொத்தமே 40 எழுத்துத்தான் கொள்ளும். பரிசோதனைக்கு எல்லோரும் பயன்படுத்தும் ஒரு போலி அட்டை இலக்கத்தை வைத்துக் காட்டினால், மெஷின் வாசிக்கும் வரி இப்படி இருக்கும்:

```
;4111111111111111=29122010000045600000?
```

சமன் குறிக்கு முன்னால் இருப்பது அட்டை இலக்கம். பின்னால் வரும் 2912 காலாவதித் திகதி, அதாவது 2029 டிசம்பர். அடுத்த 201 சேவைக் குறியீடு. கடைசிப் பகுதியில் உள்ள 456 வங்கியின் சரிபார்ப்பு இலக்கம். அட்டை இலக்கம், திகதி, சேவைக் குறியீடு மூன்றையும் சேர்த்து வங்கி தன் இரகசியத் திறவுகோலால், அதாவது வெளியே யாருக்கும் தெரியாத ஒரு நீண்ட எண்ணால், இதைக் கணக்கிடுகிறது. ஆகவே அட்டை இலக்கத்தை மட்டும் தெரிந்த ஒருவரால் இந்த வரியைக் கற்பனையில் எழுதிவிட முடியாது.

ஆனால் அவர் எழுதத் தேவையே இல்லை. ஒருமுறை வாசித்தால் போதும், 456உம் சேர்ந்தே வந்துவிடும். கிளிநொச்சியில் இழுத்தாலும் கொழும்பில் இழுத்தாலும், இன்றைக்கும் அடுத்த வருசமும், பட்டி கொடுப்பது இதே வரிதான். ஏ.டி.எம். வாயில் ஒரு மெல்லிய வாசிப்பானை ஒட்டி வைத்து இந்த வரியை எடுத்து, வெற்று அட்டையொன்றில் எழுதினால், எது மூலம் எது பிரதி என்று மெஷினுக்கும் தெரியாது, வங்கிக்கும் தெரியாது. இரகசிய இலக்கம் பட்டியில் இல்லை. அதற்குத்தான் விசைப்பலகைக்கு மேலே சின்னக் கமரா வைக்கிறார்கள், அல்லது போலி விசைப்பலகையை மேலே ஒட்டுகிறார்கள். இலக்கம் அடிக்கும்போது மற்றக் கையால் மறைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

சரி, சிப்புக்கு வருவோம். அது ஒரு குட்டிக் கணினி. பொன்னிறத்தில் தெரிவது சிப் அல்ல, அதன் தொடுமுனைகள். மெஷினுக்குள் செருகியதும் அவற்றின் வழியாகத்தான் அதற்கு மின்சாரம் கிடைக்கிறது. அட்டையைத் தயாரிக்கும்போது வங்கி அதற்குள் ஒரு இரகசியத் திறவுகோலை வைத்துவிடுகிறது. வங்கியின் தலைத் திறவுகோலையும் உங்கள் அட்டை இலக்கத்தையும் வைத்து உருவாக்குவதால் ஒவ்வொரு அட்டைக்கும் அது வேறு வேறு. அட்டை இலக்கம், காலாவதித் திகதி போன்றவற்றைக் கேட்டால் சிப் கொடுக்கும். "உன் திறவுகோல் என்ன" என்று கேட்பதற்குக் கட்டளையே கிடையாது. திறவுகோலை வைத்துக் கணக்குப் போட்டு விடையைச் சொல்லும், அவ்வளவுதான்.

ஒரு வியாபாரத்தை எடுத்துப் பார்ப்போம். ஏ9 வீதியில் ஒரு ஹாட்வெயார் கடையில் கூரைத் தகரத்துக்கு 18,500 ரூபா கொடுக்கிறீர்கள். காசாளர் தொகையை அடித்து அட்டையைச் செருகுகிறார். மெஷின் சிப்புக்குச் சில விபரங்களைக் கொடுக்கிறது: தொகை சதத்தில் 000001850000, நாணயக் குறியீடு 144, அதாவது இலங்கை ரூபா, அன்றைய திகதி, அப்புறம் அந்த நொடியில் மெஷின் தானே உருவாக்கிய ஒரு எழுந்தமான எண். அந்த எண் 32 பிட், சுமார் 429 கோடி சாத்தியங்களில் ஒன்று. சிப் தன் பங்குக்கு ஒரு எண்ணியை ஒன்றால் கூட்டுகிறது. இதுவரை 57 தடவை பாவித்திருந்தால் இப்போது 58. இவை எல்லாவற்றையும் சேர்த்து, திறவுகோலால் கணக்கிட்டு, 8 பைட் நீளமான ஒரு விடையை வெளியே தருகிறது. அதற்குப் பெயர் கிரிப்டோகிராம்.

மெஷின் அந்த விடையையும் விபரங்களையும் வங்கிக்கு அனுப்புகிறது. வங்கியிடம் தலைத் திறவுகோல் இருப்பதால் உங்கள் அட்டையின் திறவுகோலை அதுவும் உருவாக்கி, அதே கணக்கைச் செய்து பார்க்கிறது. இரண்டு விடையும் பொருந்தினால்தான் அட்டை உண்மையானது என்று ஏற்கிறது. தொகையில் ஒரு சதம் மாறினாலும் விடை அடியோடு மாறிவிடும்.

இப்போது கள்ளரின் பக்கம் நின்று பாருங்கள். அந்த மெஷினின் வாய்க்குள் தாள் போன்ற ஒரு மெல்லிய சாதனத்தை வைத்து, சிப்பும் மெஷினும் கதைத்த அத்தனையையும் பதிவு செய்துவிட்டார் என்று வைப்போம். இப்படிச் செய்கிறார்கள், இதற்கு ஷிம்மர் என்று பெயர். பதிவான விடையை ஒரு போலி சிப்பில் போட்டு மறுநாள் வவுனியாவில் செருகுகிறார். அந்த மெஷின் கொடுக்கும் எழுந்தமான எண் வேறு. எண்ணியோ 58இலேயே நிற்கிறது, அதை வங்கி ஏற்கெனவே பார்த்துவிட்டது. புதிய விபரத்துக்குப் புதிய விடை வேண்டும், அதற்குத் திறவுகோல் வேண்டும். அது அவரிடம் இல்லை. வங்கி மறுத்துவிடும்.

சிப்பை விட்டுவிட்டு, பதிவு செய்ததை ஒரு பட்டியில் எழுதிப் பார்க்கலாமே என்று அவர் யோசிக்கலாம். சிப்பிலும் நான் மேலே காட்டியது போன்ற ஒரு வரி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒழுங்காக வழங்கிய அட்டையில், அந்த வரியிலுள்ள சரிபார்ப்பு இலக்கம் பட்டியில் இருக்கும் இலக்கம் அல்ல. பட்டியில் 456 என்றால் சிப்பில் 812 என்பது மாதிரி வேறொன்று இருக்கும். சிப்பில் இருந்து எடுத்ததைப் பட்டியில் எழுதி இழுத்தால், "இது பட்டியில் வரக்கூடாத இலக்கம்" என்று வங்கியால் பிடிக்க முடியும். வங்கி அதைச் சரிபார்க்க வேண்டும், அது முக்கியம். சரிபார்க்காத வங்கியிடம் இந்த வழி திறந்தே கிடக்கும்.

மிச்சம் இருப்பது உங்கள் அட்டையின் உண்மையான பட்டியையே கொப்பி எடுப்பது. நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான், பலவீனம் அங்கேதான் இருக்கிறது. இதற்கும் ஒரு தடுப்பு உண்டு. சேவைக் குறியீடு 201 என்றேன் அல்லவா? அதில் முதலில் வரும் 2, "இந்த அட்டையில் சிப் இருக்கிறது" என்று மெஷினுக்குச் சொல்கிறது. சிப் வாசிக்கக்கூடிய மெஷினில் இழுத்தால், அது இழுவையை ஏற்காமல் அட்டையைச் செருகச் சொல்லும். கள்ளர் அதை 101 என்று மாற்றி எழுதினால் 456 பொருந்தாமல் போகும், ஏனென்றால் அந்தக் கணக்கில் சேவைக் குறியீடும் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் பட்டியின் பிரதியைச் சிப் வாசிக்காத மெஷின்களைத் தேடிக் கொண்டுபோகிறார்கள். பல காலம் அமெரிக்கா அதற்கு வசதியான இடமாக இருந்தது. 2015 ஒக்டோபரில் அங்கே விதி மாறி, சிப் மெஷின் வைக்காத கடையே கள்ளப் பிரதியின் நட்டத்தை ஏற்க வேண்டும் என்று வந்தது. வெளிநாட்டில் உங்கள் அட்டை பாவனையில் இல்லையென்றால், வெளிநாட்டுக் கொடுப்பனவை நிறுத்தி வைக்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள்.

இங்கே எங்கள் பக்கத்தில் நான் அதிகம் கவலைப்படுவது வேறொரு விசயம். வன்னியின் செம்மண் புழுதி மெஷினின் சிப் வாய்க்குள் இலகுவாகப் போய்விடும். சிப் வாசிக்கவில்லை என்று மெஷின் சில தடவை சொன்னதும், சில வங்கிகளின் அமைப்பில் பட்டியை இழுக்க இடம் கொடுக்கும். கடைக்காரருக்கு அது பழகிவிட்டால் பிறகு செருகிப் பார்க்கவும் மினக்கெட மாட்டார். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வெளிநாட்டிலிருந்து சனம் வரும் நாட்களில், கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது இது இன்னும் கூடும். அப்படி இழுக்கும் ஒவ்வொரு முறையும் சிப் கொடுக்கும் பாதுகாப்பை விட்டுவிட்டுப் பழைய 40 எழுத்துக்குப் போகிறோம். தொடுமுனையை உலர்ந்த துணியால் துடைத்துத் திரும்பச் செருகச் சொல்லுங்கள். கடை மெஷினுக்கு வாசிப்பானைத் துப்புரவாக்கும் அட்டை இருக்கிறது, மெஷின் தந்த வங்கியிடம் கடைக்காரர் கேட்டு வாங்கலாம். அட்டையை உள்ளே கொண்டுபோக விடாமல், உங்கள் கண்முன்னே செருகச் சொல்வதும் உங்கள் உரிமை.

எது நடந்தது என்பதைப் பெரும்பாலும் பற்றுச்சீட்டிலேயே பார்க்கலாம். சிப் வழியாகப் போயிருந்தால் பல மெஷின்கள் `AID` என்று ஒரு வரி அச்சிடும். வீசா அட்டைக்கு `A0000000031010`, மாஸ்டர்காட்டுக்கு `A0000000041010`. இழுத்த பற்றுச்சீட்டில் அந்த வரி வராது.

சிப் தடுப்பது கள்ளப் பிரதியை. உண்மையான அட்டையே களவு போனால் காப்பது இரகசிய இலக்கம். பொதுவாக மூன்று முறை பிழையாக அடித்தால் பூட்டிவிடும். அந்தப் பூட்டும் உடையாதது அல்ல. களவெடுத்த அட்டைக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு சாதனத்தை வைத்து, எந்த இலக்கத்தை அடித்தாலும் "சரி" என்று மெஷினை நம்ப வைக்கலாம் என்று 2010இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். அதற்கும் உண்மையான சிப் கையில் இருக்க வேண்டும். அட்டை தொலைந்தால் விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே வங்கிக்கு அழைத்து நிறுத்துங்கள்.

இணையத்தில் பொருள் வாங்கும்போது சிப்புக்கு வேலையே இல்லை, அங்கே இலக்கங்களைத்தான் அடிக்கிறோம். அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து யாருக்காவது வட்சப்பில் அனுப்பினால், அந்தப் படம் ஒன்றே களவுக்குப் போதும்.

பட்டி எப்போது போகும் என்றால், 2033க்குள் தங்கள் கடன் அட்டை, டெபிட் அட்டை எதிலும் பட்டி இருக்காது என்று மாஸ்டர்காட் 2021இல் அறிவித்திருக்கிறது. அதுவரை பின்பக்கத்தில் அது இருக்கும். கடையில் அதை இழுக்க விடாதீர்கள், செருகியே பாவியுங்கள்.