"சரி" சொன்ன பிறகு ஒரு மூச்சு

அன்புள்ள ஐயா,

தெரிந்தவர்களை வழியில் பார்த்தால் பேச எனக்குத் தயக்கமில்லை. "நல்லா இருக்கீங்களா?" "இருக்கேன், நீங்க?" வரைக்கும் சுலபமாகப் போகிறது. அதற்கப்புறம் எப்படிக் கிளம்புவது என்றுதான் தெரியவில்லை. சும்மா நின்றுகொண்டே இருப்பேன், இல்லாவிட்டால் சட்டென்று "வேலை இருக்கு" என்று நகர்ந்துவிடுவேன். போன வாரம் ஒரு தோழி, "உன்கிட்ட பேசினாலே துரத்திவிடற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டாள். என்ன செய்வது?

- ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கிளம்பியதற்காக அவர் வருத்தப்பட்டிருக்க மாட்டார். நீங்கள் கிளம்பப்போவது அவருக்குக் கடைசி நொடியில்தான் தெரிந்திருக்கிறது. அதுதான் குத்தியிருக்கும்.

இமானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க சமூகவியலாளர்கள், பதிவு செய்த தொலைபேசிப் பேச்சுகள் எப்படி முடிகின்றன என்று பார்த்து 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். விடைபெறும் சொல்லுக்கு முன்னால் நம் "சரி" போல ஒரு சின்னச் சொல் வருவதை அவர்கள் கவனித்தார்கள். அதைச் சொல்பவர் தன் முறை வந்தும் புதிதாக எதுவும் சொல்வதில்லை. "என்னிடம் இவ்வளவுதான், உங்களுக்கு ஏதாவது இருக்கிறதா?" என்று எதிராளியிடம் விட்டுக்கொடுக்கிறார். அவரும் "சரி" என்றால் இருவருமாகப் பேச்சை முடித்திருக்கிறார்கள். அப்புறம் யார் முதலில் நகர்ந்தாலும் அது விரட்டலாகத் தெரியாது.

படிக்கட்டில் ஒருவரைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

"நல்லா இருக்கீங்களா?"
"இருக்கேன். வீடு மாத்தறோம், ரெண்டு நாளா சரியான தூக்கமில்ல."
"அடடா, தனியாவா எல்லாத்தையும் கட்டறீங்க?"
"இல்ல, தம்பி வந்திருக்கான்."
"அப்ப சரி..."
"ஆமா. சரி."
"வீடு மாத்தி முடிச்சதும் முதல்ல நல்லா தூங்குங்க. வரட்டுமா?"
"சரிங்க, பார்ப்போம்."

அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த "அப்ப சரி"க்குப் பிறகு ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா இருக்க வேண்டும். உடம்பும் அசையக் கூடாது. வாய் "சரி" என்னும்போதே தோள் திரும்பிவிட்டால், எதிராளி தோளைத்தான் நம்புவார். அடுத்தது, தூக்கம் பற்றிய அந்த வரி. அவர் சொன்ன விஷயத்தையே எடுத்துத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். காதில் வாங்கியிருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரிகிறது, புதுப் பேச்சும் தொடங்கவில்லை.

பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கிளம்பும்போது அன்பாக இருக்கட்டும் என்று "பசங்க எப்படி இருக்காங்க?" என்று புதிதாகக் கேட்பார்கள், பாதி பதிலிலேயே நகர்வார்கள். கேட்காமலே இருந்திருக்கலாம். "அப்புறம்" என்ற சொல்லையும் கவனியுங்கள். "அப்புறம்?" என்று குரல் ஏறினால் இன்னும் சொல் என்று பொருள். "அப்புறம் பார்க்கலாம்" என்று இறங்கினால்தான் விடை.

அந்த மூச்சுக்குள் அவர் "ஒண்ணு கேட்கணும்னு இருந்தேன்" என்று தொடங்கலாம். எரிச்சல்படாதீர்கள், அதற்காகத்தான் அந்த இடைவெளி. சின்ன விஷயம் என்றால் நின்று பதில் சொல்லிவிட்டு, மறுபடி ஒரு "சரி"யிலிருந்து தொடங்குங்கள். பெரியது என்றால், "இது நின்னுக்கிட்டே பேசற விஷயமில்ல, ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடட்டுமா?" என்று நேரம் குறியுங்கள். கூப்பிடுவீர்கள் என்றால் மட்டும்.

நான் ஒருமுறை அந்த மூச்சைக் கொடுக்கவில்லை. பழைய சக ஊழியர் ஒருவர், நலம் கேட்டதற்கு "ம், பரவாயில்ல" என்றார். "சரி, பார்க்கலாம்" என்று ஒரே வீச்சில் சொல்லி நடந்துவிட்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்ததைப் பார்த்தேன், ஆனால் கால் நகர்ந்துவிட்டது. அவருடைய அம்மா மருத்துவமனையில் இருக்கிறார் என்று மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. இன்றும் அந்த முகம் நினைவில் இருக்கிறது.

சிலரிடம் இரண்டு முறை "சரி" சொன்னாலும் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். அவர்களிடம் நேராகச் சொல்லிவிடலாம்: "நாலரைக்கு நான் ஒரு இடத்துல இருக்கணும், கிளம்பறேன்." காரணம் சொல்வதில் தவறில்லை. "சரி"க்கு முன்னாலேயே அது வந்து விழுந்தால்தான், உங்கள் "வேலை இருக்கு" போல, கதவைச் சாத்தியதாகக் கேட்கிறது.

உங்கள் தோழியிடம் இதையெல்லாம் விளக்க வேண்டாம். அடுத்த முறை பார்க்கும்போது "சரி" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி நில்லுங்கள். முதலில் அவர் பேசட்டும்.