பால்கனி விழுந்தால் வீட்டுக்காரர் பொறுப்பா?

கேள்வி: டெல்லி கரோல் பாக்கில் தெருவில் நடந்துகொண்டிருந்த அப்பாவின் தோளில் பழைய பால்கனியின் காரை விழுந்து எலும்பு முறிந்தது. "விரிசல் இருந்ததே எனக்குத் தெரியாது" என்கிறார் கட்டட உரிமையாளர். நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். தெருவோரக் கட்டடத்தைப் பழுதின்றி வைத்திருக்கும் கடமை உரிமையாளருக்கு உண்டு. அதில் தகராறே வராது.

கடமையை மீறினாரா என்பதற்கு உங்கள் ஊர் வழக்கே இருக்கிறது. சாந்தினி சௌக் மணிக்கூண்டு இடிந்து விழுந்து சிலர் இறந்தார்கள். 80 வயதான அந்தக் கட்டடத்தின் சாந்துக்கு ஆயுள் 40, 45 ஆண்டுகள்தான். பழுது வெளியே தெரியவில்லை என்ற, அதன் உரிமையாளரான மாநகராட்சியின் வாதத்தை 1966-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. விழுந்ததே கவனக்குறைவைக் காட்டுகிறது, இல்லையென்று நிரூபிப்பது உரிமையாளர் பாடு என்றது. ஆகவே "தெரியாது" என்பது எடுபடாது.

இழுபறி காரணத்தில்தான் வரும். பராமரித்திருந்தால் காரை விழுந்திருக்குமா என்பதே கேள்வி. மாடியில் யாரோ துளையிட்டதால் விழுந்தது என்று அவர் திருப்பலாம். பூசி மறைப்பதற்குள் துருப்பிடித்த கம்பியைப் படம் எடுத்துவிடுங்கள். தோளில் பழைய வலி இருந்ததா என்றும் கேட்பார்கள். அன்றைய எக்ஸ்ரே அதற்குப் பதில்.

சேதத்துக்கு மருத்துவ ரசீதுகளும் இழந்த சம்பளக் கணக்கும் வேண்டும்.